வகுப்பறைப் படத்தை வைத்து நாட்டையும் பள்ளி வகையையும் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு வகுப்பறைப் படம் கையில் இருக்கிறது, கூடவே குறிப்பு எதுவும் இல்லை. எந்த நாடு, அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா, பிள்ளைகளுக்கு என்ன வயது என்று சொல்ல வேண்டும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பிள்ளைகளின் முகத்திலும் உடையிலும்தான் ஆரம்பிப்பார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். முகத்தை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் எத்தனையோ நாடுகளில் சீருடை. சுவரிலும் பலகையிலும் மேசையிலும்தான் விஷயம் இருக்கிறது.

அங்கே பார்க்கும் ஒவ்வொரு பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை இங்கே வைத்தது யார்? பலகைக்கு மேலே மாட்டியிருப்பதைப் பெரும்பாலும் அரசாங்கம் மாட்டச் சொல்லியிருக்கும். மேசை நாற்காலி, தரநிலை பார்த்து மொத்தமாக வாங்கியது. பலகையில் எழுதியிருப்பது அன்றைக்கு வகுப்பெடுத்த ஆசிரியரின் கை. சார்ட்டை எங்கோ ஒரு பதிப்பகம் அச்சடித்திருக்கும், அது வேறு நாட்டிலும் இருக்கலாம். யார் வைத்தது என்று தெரிந்துவிட்டால் எதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் படி: படம் நேராக இருக்கிறதா?

இணையத்தில் சுற்றும் படங்களில் இடவலம் மாறியவை நிறைய. பலகையில் எழுத்து தெரிந்தால் சிக்கல் இல்லை. அது மங்கலாக இருந்தால் ஜன்னலைப் பாருங்கள். பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இடப்பக்கம் ஜன்னல் வருகிற மாதிரி கட்டுவது ஜப்பான், ஜெர்மனி, முன்னாள் சோவியத் நாடுகள் எனப் பல இடங்களில் பழைய வழக்கம். பெரும்பாலானவர்கள் வலது கையால் எழுதுவதால், வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. வலப்பக்கம் தாழ்வாரம் இருக்கும். படத்தில் இது தலைகீழாக இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். வெப்ப நாடுகளில் காற்றோட்டத்துக்காக இரண்டு பக்கமும் ஜன்னல் வைப்பார்கள், அங்கே இந்தச் சோதனை உதவாது.

ஆசிரியர் நிற்கும் இடத்திலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் மாறித் தெரியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பிள்ளைகளின் இடப்பக்க ஜன்னல் அப்போது படத்தில் வலப்பக்கம் இருக்கும்.

இரண்டாம் படி: பலகைக்கு மேலே

படத்திலேயே நாட்டைப் பற்றி அதிகம் சொல்லும் இடம் பலகைக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு முழச் சுவர்தான். துருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு மேலே துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கின் படம், துருக்கிக் கொடி, தேசிய கீதத்தின் வரிகள், இளைஞர்களுக்கு அவர் ஆற்றிய உரை என்று ஒரு தொகுப்பாகவே மாட்டியிருப்பார்கள். உரையின் எழுத்து படிக்கிற அளவுக்குத் தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடுவில் படம், இரு பக்கமும் நெருக்கமான எழுத்துடன் இரண்டு சட்டங்கள் என்ற அமைப்பே போதும். வடக்கு சைப்ரஸிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் அங்கே வெள்ளைப் பின்னணியில் சிவப்புப் பிறை உள்ள இன்னொரு கொடியும் சேர்ந்திருக்கும்.

போலந்தில் சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் கழுகு இருக்கும், பக்கத்தில் பெரும்பாலும் ஒரு சிலுவையும் இருக்கும். கழுகின் தலையில் கிரீடம் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் கிரீடம் இல்லை, 1989-90 மாற்றத்தோடுதான் அது திரும்பி வந்தது. அதனால் கிரீடமில்லாத கழுகு என்றால் படம் பழையது. சிலுவை மட்டும் இருந்து கழுகு இல்லையென்றால் இத்தாலியையும் ஜெர்மனியின் பவேரியாவையும் பட்டியலில் வையுங்கள். இரண்டு இடத்திலும் அரசுப் பள்ளியிலேயே சிலுவை இருக்கும் என்பதால், சிலுவையைப் பார்த்ததும் 'மதப் பள்ளி' என்று எழுதிவிட வேண்டாம்.

பிரான்ஸில் கதை வேறு. 2019-இல் வந்த சட்டத்தின்படி பிரெஞ்சுக் கொடி, ஐரோப்பியக் கொடி, குடியரசின் முழக்கம், தேசிய கீதத்தின் வரிகள் ஆகியவை ஒவ்வொரு வகுப்பறையிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே சுவரொட்டியில் நாலும் அடங்கிவிடும். அரசோடு ஒப்பந்தம் உள்ள தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் அரசுப் பள்ளியில் மதச் சின்னம் மாட்டக்கூடாது. ஆகவே அந்தச் சுவரொட்டியும் சிலுவையும் ஒரே அறையில் இருந்தால், அது ஒப்பந்தம் உள்ள கத்தோலிக்கத் தனியார் பள்ளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிழக்கே அல்சாஸ்-மொசெல் பகுதியில் அரசையும் மதத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது, அந்த ஒரு விலக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்காசியாவில் சீனா, தென்கொரியா, ஜப்பான், தைவான் நாலுக்கும் பச்சைப் பலகைதான். சீனாவில் பலகைக்கு மேலே நடுவில் சிவப்புக் கொடி, இரு பக்கமும் பெரிய எழுத்தில் முழக்கம். தென்கொரியாவில் சட்டமிட்ட கொடியும் பக்கத்தில் அந்த வகுப்பின் குறிக்கோள் வாசகமும் மாட்டியிருப்பார்கள். ஜப்பானில் சாதாரண அரசுப் பள்ளி வகுப்பறையில் பெரும்பாலும் அந்த இடத்தில் கொடி இருக்காது. கடிகாரமும் ஒலிபெருக்கிப் பெட்டியும் இருக்கும், சில வகுப்புகளில் ஒரு வாசகத் தாளும் இருக்கும். இல்லாத பொருளும் தடயம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூன்றாம் படி: பலகையும் அதன் ஓரமும்

பலகை கறுப்பா பச்சையா என்பதை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. அது எப்படித் திறக்கிறது, எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஜெர்மன் வகுப்பறையில் இரு பக்கமும் இறக்கை போல மடியும் பச்சைப் பலகை, தூண்களில் மேலும் கீழும் நகரும். பக்கத்திலேயே ஒரு கை கழுவும் தொட்டி இருக்கும், ஏனென்றால் ஈரமான ஸ்பாஞ்சால்தான் பலகையைத் துடைப்பார்கள். தொட்டியும் நகரும் பலகையும் ஒன்றாக இருந்தால் ஜெர்மனியையும் அதன் அண்டை நாடுகளையும் முதலில் பாருங்கள். சீனாவில் இப்போது பல பள்ளிகளில் பலகையின் நடுவில் பெரிய தொடுதிரை இருக்கும், பச்சைப் பலகைகள் அதன் முன்னால் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும்.

பலகையின் நடுப்பகுதியை விட ஓரம்தான் அதிகம் சொல்லும். நடுவில் இருப்பது பாடம், கணக்கு எந்த நாட்டிலும் கணக்குதான். ஓரத்தில் இருப்பது தினசரி வழக்கம். ஜப்பானில் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக மாதம், நாள், கிழமை, அதன் கீழே அன்றைக்கு வகுப்பு வேலைகளைச் செய்யும் முறை வருகிற பிள்ளைகளின் பெயர். 'மாதம்', 'நாள்' என்ற எழுத்துகளைப் பலகையிலேயே நிரந்தரமாக அச்சிட்டிருப்பதும் உண்டு. தைவானிலும் வலது ஓரத்தில் இப்படி எழுதுவார்கள் என்பதால் புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அங்கே ஆண்டைப் பாருங்கள். தைவான் 1912-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணுகிறது, அதனால் 2024 அங்கே 113. ஜப்பானின் பேரரசர் ஆண்டுக் கணக்கில் அதே 2024 ரெய்வா 6. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இலக்கம் தெரிந்தால் நம்பித் தைவான் பக்கம் போகலாம்.

நான்காம் படி: மேசையும் வரிசையும்

மேசை நாட்டைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும், வயதையும் பள்ளி வகையையும் பற்றி நன்றாகவே சொல்லும். இருவர் உட்காரும் மேசைகள், ஜன்னலோரம், நடு, சுவரோரம் என்று மூன்று வரிசையாக இருந்தால் முன்னாள் சோவியத் நாடுகளை யோசிக்கலாம். ஒருவருக்கு ஒரு மேசை, பக்கவாட்டில் பை மாட்டும் கொக்கி, அறையின் பின்புறம் திறந்த அடுக்குகள் என்றால் ஜப்பான். நாற்காலியோடு எழுதும் பலகை ஒட்டியே இருந்தால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியாக இருக்கலாம், ஆனால் அதே நாற்காலி உலகம் முழுக்கப் பயிற்சி மையங்களிலும் கிடக்கிறது.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு சின்ன விஷயம், மேசைக் காலிலோ நாற்காலியின் பக்கவாட்டிலோ உள்ள வண்ணப் புள்ளி. ஏதோ ஸ்டிக்கர் என்று தாண்டிப் போய்விடுவார்கள். அது அளவுக் குறி. முன்னாள் சோவியத் நாடுகள் பலவற்றில் செல்லும் கோஸ்ட் 11015 தரநிலையில் பள்ளி மேசைகள் ஆறு அளவு. ஆரஞ்சுப் புள்ளி 100 முதல் 115 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு, ஊதா 130 வரை, மஞ்சள் 145 வரை, சிவப்பு 160 வரை, பச்சை 175 வரை, நீலம் அதற்கு மேல். ஐரோப்பியத் தரநிலையிலும் இதே வண்ண வரிசைதான், உயர எல்லைகள் மட்டும் கொஞ்சம் மாறும். எனவே புள்ளியை வைத்து நாட்டைச் சொல்லக்கூடாது. ஆனால் பிள்ளைகளே இல்லாத காலி அறையிலும், அது எந்த வயதுக்காரர்களின் அறை என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். அறை முழுக்க ஒரே வண்ணம் என்றால் ஒரே வகுப்பு உட்காரும் அறை. மஞ்சள், சிவப்பு, பச்சை எல்லாம் கலந்திருந்தால் பல வகுப்புகள் வந்து போகும் பாட அறையாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: சார்ட்டை நம்பாமல் படியுங்கள்

சுவரில் லண்டன் பாலத்தின் படமும் ஆங்கில எழுத்து வரிசையும் இருந்தால் அது ஆங்கிலம் கற்பிக்கும் அறை என்று தெரிகிறது, பிரிட்டன் என்று தெரியவில்லை. இன்னும் சொல்லப்போனால் பிரிட்டிஷ் பள்ளியில் பிரிட்டிஷ் கொடியைச் சுவர் முழுக்க ஒட்ட வேண்டிய தேவை குறைவு. ஒரு நாட்டை விளம்பரம் மாதிரி காட்டும் அறை பெரும்பாலும் அந்த நாட்டுக்கு வெளியே இருக்கும்.

சார்ட்டில் உருப்படியான கேள்வி ஒன்றுதான்: மொழிப் பாடம் அல்லாத பாடம் எந்த மொழியில் இருக்கிறது? பெருக்கல் வாய்ப்பாடு, கால அட்டவணை, தீ விபத்தில் வெளியேறும் வழி, முறைப் பட்டியல் ஆகியவை எந்த மொழியில் இருக்கின்றனவோ அதுதான் பெரும்பாலும் பள்ளியின் பயிற்று மொழி. வரைபடம் இருந்தால் உலகப் படத்தை விட்டுவிட்டு நாட்டுப் படத்தைத் தேடுங்கள். உலகப் படம் எங்கும் தொங்கும். மாவட்டம் வரை பிரித்துக் காட்டும் படத்தை அந்த நாட்டுக்காரர்தான் மாட்டுவார்.

ஒரு படத்தை முழுதாகப் பார்ப்போம்

மூன்று மடிப்புப் பச்சைப் பலகை, இருவர் மேசைகள் மூன்று வரிசை, இடப்பக்கம் ஜன்னல்கள், மெல்லிய வெள்ளைத் திரை. பலகையில் ரஷ்யா முதலிய நாடுகளில் வழங்கும் சிரிலிக் எழுத்தில் கையெழுத்தாக இரண்டு வரி. படம் இப்படி இருந்தால் 'ரஷ்யா' என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் வரி தேதி. இரண்டாம் வரி 'வகுப்பு வேலை' என்று பொருள்படும் இரண்டு சொற்கள். இந்த நாடுகளில் நோட்டிலும் பலகையிலும் வழக்கமாக எழுதும் தலைப்பு அது. மொழி தெரியாமலேயே இதைப் பிரித்துப் பார்க்கலாம். முதல் சொல்லின் நடுவில் ஆங்கில 'சி' போன்ற எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்து, இரண்டாம் சொல்லின் இரண்டாம் எழுத்து 'ஏ' போல இருந்தால் ரஷ்ய மொழி. 'சி' ஒன்றே ஒன்று, இரண்டாம் சொல்லில் 'ஏ'-க்குப் பதில் 'ஓ' என்றால் உக்ரைன் மொழி. 'சி' ஒன்று, ஆனால் 'ஏ' என்றால் பெலாரஸ் மொழி. கசாக் மொழியில் சொற்களே வேறு. அங்கே இரண்டாம் சொல் ஆறு கால் பூச்சி போன்ற எழுத்தில் தொடங்கும், அடுத்து குறுக்குக்கோடு போட்ட 'ஒய்' வரும். கையெழுத்தில் ரஷ்ய 'த' ஆங்கில 'எம்' மாதிரிதான் தெரியும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நம் படத்தில் இரண்டு 'சி', ஒரு 'ஏ'. ஆக ஆசிரியர் எழுதியது ரஷ்ய மொழி. ஆனால் ரஷ்ய மொழி என்றால் ரஷ்யா என்று ஆகிவிடாது. பெலாரஸில் பெரும்பாலான பிள்ளைகள் ரஷ்ய மொழியில்தான் படிக்கிறார்கள். கசகஸ்தானிலும் கிர்கிஸ்தானிலும் ரஷ்யப் பயிற்று மொழிப் பள்ளிகள் நிறைய.

இப்போது கண்ணைப் பலகைக்கு மேலே கொண்டுபோங்கள். வானநீலமும் பொன்னிறமும் கலந்த வட்டச் சின்னம், இரு பக்கமும் சிறகுள்ள குதிரைகள். இது கசகஸ்தானின் தேசியச் சின்னம். பக்கத்தில் வானநீலக் கொடியும் கீதத்தின் வரிகளும் இருக்கின்றன. கீதத்தில் தலைகீழான ஆங்கிலச் சிறு 'இ', காலடியில் வால் உள்ள 'கே', குறுக்குக்கோடு போட்ட 'ஒய்' ஆகியவை தெரிகின்றன. இம்மூன்றும் சேர்ந்து வந்தால் கசாக் மொழி என்று துணிந்து சொல்லலாம். தலைகீழ் 'இ' மட்டும் போதாது, ரஷ்யாவுக்குள் இருக்கும் தாத்தர் மொழியிலும் அது உண்டு.

சின்னத்தின் அடியில் நாட்டின் பெயர் இருக்கும். 2018 நவம்பர் வரை அது சிரிலிக் எழுத்து, அதன் பிறகு லத்தீன் எழுத்து. நம் படத்தில் லத்தீன், ஆகவே படம் அதற்குப் பிந்தியது. சிரிலிக் இருந்திருந்தால் படம் பழையது என்று சொல்லியிருக்க முடியாது. பழைய சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றாமலே விட்டுவைக்கிற பள்ளிகள் எங்கும் உண்டு.

நாடு கிடைத்துவிட்டது. அடுத்தது பள்ளி வகை. இது கசாக் வழிப் பள்ளியில் உள்ள ரஷ்ய மொழிப் பாட அறையாகவும் இருக்கலாமே? மேசைப் புள்ளிகள் எல்லாம் மஞ்சள். அப்படியென்றால் ஏறக்குறைய எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள், அதாவது தொடக்க வகுப்பு. அந்த வகுப்பில் பெரும்பாலான பாடங்களை ஒரே ஆசிரியர் ஒரே அறையில் எடுப்பார். வலப்பக்கச் சுவரில் கணக்குச் சார்ட் ஒன்று, அளவுகளின் பெயர் ரஷ்ய மொழியில். முறைப் பட்டியலும் ரஷ்யத்தில். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் படத்தின் பக்கத்தில் கசாக் கவிஞர் அபாய் படம் இருக்கிறது, அது நாட்டை மேலும் உறுதிப்படுத்துகிறது, பயிற்று மொழியைச் சொல்லவில்லை. ஆக, ரஷ்யப் பயிற்று மொழித் தொடக்க வகுப்பு என்று எழுதலாம். கசாக் வழி வகுப்பு என்றால் பல நேரம் கதவிலோ பட்டியலிலோ வகுப்புப் பிரிவாகத் தலைகீழ் 'இ' எழுத்து இருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வயதுக் கணிப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. கசகஸ்தானில் பல பள்ளிகள் காலை, மதியம் என இரண்டு வேளையாக நடக்கின்றன. படத்தில் இருக்கும் பிள்ளைகளும் அந்த மேசைக்கு உரிய பிள்ளைகளும் வேறு வேறாக இருக்கலாம். பிள்ளைகளின் முழங்கால் மேசையில் இடிக்கிற மாதிரி இருந்தால் மேசை அவர்களுடையது இல்லை.

எங்கே சறுக்கும்?

மூன்று வகைப் படங்களில் இந்த முறை ஏமாற்றும். ஒன்று, வெளிநாட்டில் நடக்கும் தேசியப் பள்ளிகள். டோக்கியோவிலோ ஜகார்த்தாவிலோ இருக்கும் பிரெஞ்சுப் பள்ளியின் உள்சுவரும் பிரான்ஸ் மாதிரிதான் இருக்கும். அங்கே மின் பிளக், ஏசி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும், ஏனென்றால் அவற்றை வைத்தது பள்ளியல்ல, ஊர். இரண்டாவது, உதவி நிறுவனங்கள் கட்டிக்கொடுத்த வகுப்பறை. சார்ட், மேசை, பை எல்லாவற்றிலும் ஒரே நிறுவனத்தின் முத்திரை இருந்தால் ஆசிரியரின் கையெழுத்தைத் தவிர மற்றதை ஒதுக்கிவிடுங்கள். மூன்றாவது, விளம்பரத்துக்காக அமைத்த அறை. பலகை பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் தேதி இருக்காது, சாக்பீஸ் தட்டில் தூசி இருக்காது, நடுவில் வழக்கம்போல ஐன்ஸ்டீனின் சூத்திரம். அப்படிப்பட்ட படத்துக்கு நாடு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பதில் எழுதும்போது முடிவை மட்டும் எழுதாமல் ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தையும் சேர்த்து எழுதுங்கள்: 'கசகஸ்தான், சின்னத்தாலும் கீதத்தாலும் உறுதி. 2018 இறுதிக்குப் பின், லத்தீன் எழுத்தால் உறுதி. ரஷ்யப் பயிற்று மொழி, கணக்குச் சார்ட்டால் பெரும்பாலும் உறுதி. வயது எட்டு முதல் பத்து, மேசைப் புள்ளியால், ஊகம்.' ஒரு வரி தவறானால், மற்றவற்றில் எது நிற்கும் எது நிற்காது என்று ஆதாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். படத்தில் பிள்ளைகளின் முகம் தெரிகிறது என்றால் நாடு, பள்ளி வகை என்ற அளவோடு நிறுத்திவிடுங்கள். குறிப்பிட்ட பள்ளியின் பெயர் வரை துழாவிக் கண்டுபிடித்து அதைப் பொதுவில் எழுத வேண்டியதில்லை.